பழைய சீக்கோ மணிக்கூட்டின் பின்மூடி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

கொழும்பில் பழைய மணிக்கூடு என்று கைக்கு வருபவற்றில் சீக்கோ 5 நிறையவே உண்டு. புறக்கோட்டையில் வாங்கியதோ தகப்பனார் கட்டியதோ, முதலில் வரும் கேள்வி "இது எந்த வருஷத்து?" என்பதுதான். பின்மூடியைத் திருப்பினால் பதில் கிடைக்கும். ஆனால் அது பின்மூடியின் வயதுதான். மணிக்கூட்டின் வயது என்று சொல்ல, டயலும் மெஷினும் அதோடு ஒத்துப்போக வேண்டும்.

பின்மூடியில் இரண்டு எண்களைத் தேடுங்கள். நடுவில் கோடிட்ட 6119-8083 போன்ற எண்ணில், முதல் நான்கு இலக்கம் மெஷினின் வகை, பின் நான்கு கேஸின் வகை. தனியாக நிற்கும் ஆறு இலக்கம் சீரியல் இலக்கம். அதன் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டெம்பர் வரை 1 முதல் 9. ஒக்டோபருக்குப் பூச்சியம், நவம்பருக்கு N, டிசம்பருக்கு D.

வியர்வையில் தேய்ந்துபோன எண்ணைத் தெளிவாக்க பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சம் இருக்கும் கோடும் போய்விடும். உலர்ந்த மென்மையான பல் துலக்கியால் அழுக்கை எடுத்துவிட்டு, போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் காணாத கோடு சரிந்த வெளிச்சத்தில் நிழல் விழுத்தித் தெரியும்.

சீரியல் பத்தாண்டைச் சொல்லாது. அதை மெஷின் வகையிலிருந்துதான் எடுக்க வேண்டும். 6119 மெஷின் 1960களின் கடைசியில் தொடங்கி 1970களின் நடுப்பகுதியோடு நின்றது. ஆகவே 9 என்று தொடங்கினால் 1969தான், 1979 அல்ல. 6309 அப்படியல்ல. அது 1976 முதல் 1988 வரை வந்தது. 7 என்று தொடங்கினால் 1977ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். சீரியலை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது. விற்பவர் பழைய வருஷத்தையே சொல்வார். இரண்டையும் மனதில் வைத்து விலை பேசுங்கள்.

இனி ஒரு மணிக்கூட்டை எடுத்துப் பார்ப்போம். பின்மூடியில் 6119-8083, சீரியல் 0D4172. கணக்குப்படி 1970 டிசம்பர். டயலின் அடி விளிம்பில், 6 மணிக் குறிக்கு இருபுறமும் முடி போன்ற மெல்லிய எழுத்தில் ஒரு எண் ஓடும். பத்து மடங்கு லென்ஸால் பார்த்தால் அங்கே 7009 என்று தொடங்குகிறது. டயலின் கடைசி நான்கு இலக்கம் பின்மூடியோடு ஒத்துவராதது குற்றமல்ல. ஒரே டயலைப் பல கேஸ்களுக்குப் போட்டார்கள். முதல் நான்கு மாறினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மெஷினை மூடி திறக்காமலே சோதிக்கலாம். முட்களை முதலில் 6 மணிக்குக் கொண்டுவாருங்கள். இரவு 9 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் முட்கள் நிற்கும்போது திகதியை மாற்றினால் உள்ளே பல் சில்லு உடையக்கூடும். பிறகு சாவியை உள்ளே அமுக்குங்கள். 6119 என்றால் பாதி அமுக்கத்தில் திகதியும் முழு அமுக்கத்தில் கிழமையும் நகரும். இந்த மணிக்கூட்டில் அமுக்கினால் ஒன்றும் அசையவில்லை. சாவியை ஒரு படி வெளியே இழுத்துத் திருப்பினால் ஒரு பக்கம் திகதி, மறுபக்கம் கிழமை மாறுகிறது. அது 7009இன் பழக்கம். டயலும் மெஷினும் ஒரே வகை, பின்மூடி மட்டும் வேறு. 7009 வந்ததே 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு என்பதால், 1970 என்ற கணக்கு இந்த மணிக்கூட்டுக்குச் செல்லாது.

இதை எப்போதும் மோசடி என்று எடுக்க வேண்டாம். ஒரே மேசையில் பல மணிக்கூடுகளைத் திறந்து வேலை செய்யும்போது மூடி மாறிப்போவது உண்டு. தேய்ந்த மூடிக்குப் பதிலாக நல்ல மூடி போட்டுக் கொடுப்பதும் உண்டு. ஆனால் 1970 மணிக்கூடு என்று விலை சொன்னால் அது பிழை.

அடியில் எண்ணே இல்லாத டயல் இன்னும் மோசமான அறிகுறி. பெரும்பாலும் பழைய தகட்டைச் சுரண்டி மறுபடி வர்ணம் பூசி அச்சடித்தது அது. லென்ஸில் எழுத்தின் ஓரம் கசிந்து தெரியும். நிமிடக் கோடு மணிக் குறியின் நடுவில் விழாமல் சற்று விலகி நிற்கும். நம்மூர் கடற்காற்றும் ஈரப்பதனும் இன்னொரு சான்று தரும். முட்களில் துருப்புள்ளியும் கறுத்த ஒளிப்பூச்சும் இருக்க, டயல் மட்டும் பளிச்சென்ற செம்மஞ்சளில் புதிதாக நின்றால், இரண்டும் ஒன்றாக வயதானவை அல்ல.

காசு கொடுக்க முன்னர் பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன மணிக்கூட்டைத் திறந்தால் மெஷினிலேயே 7009A என்றும் 17 கல் என்றும் பொறித்திருக்கும். திறக்க மறுத்தால், ஓடுகின்ற ஒரு 7009க்கான விலைக்கு மேல் போகாதீர்கள்.