ஈவும் மீதியும்: உழைக்கும் வயதினர் பெருகினால் நாடு வளருமா?

வகுத்தல் கணக்கில் கிடைக்கும் விடைக்கு ஈவு என்று பெயர். வகுபடாமல் அடியில் நிற்பது மீதி. கம்பெனி லாபத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பதையும் ஈவுத்தொகை என்கிறோம். ஒரு பெரிய தலைமுறை உழைக்கும் வயதை எட்டும்போது நாட்டுக்குக் கிடைக்கக்கூடிய கூடுதல் வருமானத்தை ‘மக்கள்தொகை ஈவு’ என்று பொருளாதார நிபுணர்கள் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது இந்த இரண்டாவது பொருள். எனக்கென்னவோ முதல் பொருள்தான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது. பங்கு வைத்திருப்பவருக்கு ஈவுத்தொகை வீடு தேடி வந்துவிடும். இது அப்படி வருவதில்லை, கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். மீதியும் விழும்.

முதலில் அந்தப் பெரிய தலைமுறை எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு நாட்டில் தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும் வந்ததும் குழந்தைச் சாவுகள் சட்டென்று குறைகின்றன. பிறப்புகள் உடனே குறைவதில்லை. ஆறு பிள்ளை பெற்றால் மூன்று பிள்ளையாவது தங்கும் என்று பழகிய குடும்பங்களுக்கு, இப்போது ஆறும் தங்கும் என்ற நம்பிக்கை வர இருபது முப்பது ஆண்டுகள் பிடிக்கும். அந்த இடைவெளியில் பிறந்தவர்களே பெருந்தலைமுறை. சிறுவர்களாக இருக்கும்வரை அவர்கள் செலவுதான். அவர்கள் வேலைக்குப் போகும் வயதை எட்டும்போது பின்னால் வரும் குழந்தைகள் குறைவு, முன்னால் இருக்கும் முதியவர்களும் குறைவு. 15 முதல் 64 வயது வரை உள்ளவர்களின் பங்கு வீங்கி, சில பத்தாண்டுகள் அப்படியே நின்று, அவர்கள் மூப்படைந்ததும் வடிந்துவிடும்.

இந்த வீக்கம் வருமானத்தை எப்படி உயர்த்துகிறது? தலா வருமானத்தை மூன்று துண்டாக உடைத்துப் பார்த்தால் தெரியும்:

தலா வருமானம் = வேலையில் இருக்கும் ஒருவரின் உற்பத்தி × உழைக்கும் வயதினரில் வேலையில் இருப்போரின் பங்கு × மக்களில் உழைக்கும் வயதினரின் பங்கு

பெருந்தலைமுறை நேரடியாகத் தொடுவது கடைசித் துண்டை மட்டும்தான். அது உயரும்போது மற்ற இரண்டும் இறங்காமல் இருந்தால் தலா வருமானம் உயரும். அவை இறங்காமல் இருக்குமா என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

ஒரு கற்பனை நாட்டை வைத்துக்கொள்வோம். மக்கள் 1,000 பேர். உழைக்கும் வயதினர் 550. அவர்களில் பத்துக்கு ஆறு பேர், அதாவது 330 பேர், வேலை செய்கிறார்கள். ஆளுக்கு ஆண்டுக்கு 100 மூட்டை விளைவிக்கிறார்கள். மொத்தம் 33,000 மூட்டை, தலைக்கு 33.

25 ஆண்டுகள் கழித்து மக்கள் 1,400 பேர். உழைக்கும் வயதினரின் பங்கு 55-லிருந்து 67 சதவீதமாகிவிட்டது, அதாவது 938 பேர். இப்போதும் பத்துக்கு ஆறு பேருக்கு வேலை இருந்தால் 563 பேர் உழைப்பார்கள், தலைக்கு 40 மூட்டை வரும். யாரும் முன்பைவிடக் கெட்டிக்காரராகவில்லை, புது இயந்திரம் ஒன்றும் வரவில்லை, ஆனாலும் வருமானம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. ஈவு என்பது இதுதான்.

சரி, இதற்கு எத்தனை வேலைகள் தேவைப்பட்டன? 330 இருந்த இடத்தில் 563. மக்கள் 40 சதவீதம் பெருகினார்கள், வேலைகள் 71 சதவீதம் பெருக வேண்டியிருந்தது. வேலைகளும் மக்கள் பெருகிய அளவுக்கே பெருகின என்று வையுங்கள். மோசமான சாதனை என்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். அப்போது 462 பேருக்கு வேலை, மொத்தம் 46,200 மூட்டை, அதை 1,400-ஆல் வகுத்தால் மறுபடியும் 33. ஈவு பூஜ்யம். 101 பேர் மீதி.

இந்த மீதி கண்ணுக்குத் தெரிந்தால் பரவாயில்லை. பெரும்பாலும் தெரியாது. வேலையில்லாத் திண்டாட்டத்தைக் கணக்கெடுப்பவர்கள், வேலை இல்லாமல் இருந்து, வேலை தேடியும் கொண்டிருப்பவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். தேடி அலுத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டவர் அந்தப் பட்டியலில் இல்லை. வெளியே வேலை கிடைத்தால் போகத் தயாராக இருந்து, கிடைக்காததால் ‘வீட்டு வேலை’ என்று பதிவாகிவிடும் பெண்ணும் இல்லை. இன்னொரு பட்டம் படித்து நாளைத் தள்ளும் இளைஞரும் இல்லை.

ஏழை நாடுகளில் இன்னொரு மறைவிடமும் உண்டு. சும்மா இருக்க வசதி இல்லாதவர்கள் ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். நம் கற்பனை நாட்டில் அந்த 101 பேரும் அப்பாவின் நிலத்திலேயே இறங்கிவிட்டார்கள் என்று வைப்போம். நான்கு பேர் செய்த வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள், விளைச்சல் கூடவில்லை. கணக்கெடுப்பில் 563 பேரும் வேலையில் இருப்பார்கள். ஆனால் ஆளுக்கு 100 மூட்டை என்பது 82 ஆகியிருக்கும். இரண்டாம் துண்டில் விழ வேண்டிய அடி முதல் துண்டில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். தலைக்கு அதே 33. பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் 1954-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, இப்படி நிலத்தில் தேங்கிய உழைப்பைத் தொழில்துறை எப்படி உறிஞ்சுகிறது என்பதைப் பற்றியதே.

இனி நிஜ நாடுகள். தென் கொரியாவில் 1960 வாக்கில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள். 1962-இல் அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. இருபது ஆண்டுகளில் அந்தச் சராசரி இரண்டை ஒட்டி வந்துவிட்டது. 1965-இல் நூற்றுக்கு 53 பேர் அளவில் இருந்த உழைக்கும் வயதினர், 1990-இல் 69 அளவுக்கு ஏறினார்கள். இந்த ஏற்றத்தின் பலனை மட்டும் தனியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீத வளர்ச்சி வருகிறது. அந்தக் காலத்தில் கொரியாவின் தலா வருமானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் வளர்ந்தது. வயது அமைப்பு நேரடியாகத் தந்தது அதில் ஏழில் ஒரு பங்குதான். குறைந்த பிள்ளைகள் என்றால் கூடுதல் சேமிப்பு, ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடுதல் படிப்பு என்று மறைமுகப் பலன்களையும் சேர்த்த ஆய்வாளர்கள், கிழக்காசிய வளர்ச்சியில் மூன்றில் ஒரு பங்குவரை இதற்குக் கொடுக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் பெரும்பகுதி வேறெங்கோ இருந்து வந்தது.

அது வந்த இடம் தொழிற்சாலைகள். 1970 வாக்கில் கொரியாவின் ஏற்றுமதியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு எது தெரியுமா? சவுரி முடி! விக் செய்ய இயந்திரம் அதிகம் வேண்டாம், கைகள் நிறைய வேண்டும். நாட்டில் மலிவாகக் கிடைத்ததும் அதுதான். துணி, சட்டை, காலணி என்று எல்லாமே அப்படிப்பட்ட சரக்குகள். 1970-இல் மாசான் துறைமுக நகரில் திறந்த ஏற்றுமதி மண்டலத்தில் வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். வேலை நேரம் கொடியது, கூலி குறைவு, சங்கம் வைத்தால் போலீஸ் வந்தது. அந்தக் கதையை இனிப்புத் தடவிச் சொல்லக் கூடாது. ஆனால் நம் மூன்று துண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். வீட்டிலும் வயலிலும் இருந்தவர்கள் கூலி வேலைக்கு வந்ததால் இரண்டாம் துண்டு உயர்ந்தது. 1963-இல் உழைப்பாளர்களில் நூற்றுக்கு 63 பேர் விவசாயம், மீன்பிடிப்பு போன்றவற்றில் இருந்தார்கள். 1990-இல் 18 பேர். ஒருவர் வயலில் விளைவித்ததைவிட ஆலையில் செய்ததன் மதிப்பு அதிகம், ஆகவே முதல் துண்டும் உயர்ந்தது. வாங்க உலகச் சந்தை இருந்ததால், உள்ளூரில் வாங்க ஆள் இல்லை என்று ஆலைகள் நிற்கவில்லை.

இதற்குப் பக்கத்தில் துனீசியாவை வைத்துப் பார்க்கலாம். வட ஆப்பிரிக்காவின் இந்தச் சிறிய நாடு, செய்ய வேண்டியவை என்று பாடப்புத்தகம் சொல்வதில் பெரும்பாலானதைச் செய்தது. 1956-இல் பலதார மணத்தைத் தடை செய்தது, 1961-இல் கருத்தடைச் சாதனங்களைச் சட்டபூர்வமாக்கியது, பெண்களைப் படிக்க வைத்தது. ஏழு பிள்ளைகள் என்றிருந்த சராசரி 2000 வாக்கில் இரண்டை ஒட்டி வந்தது. 2010-இல் அங்கே உழைக்கும் வயதினரின் பங்கும் நூற்றுக்கு 69-ஐ ஒட்டியே இருந்தது. 1990-இன் கொரியாவும் 2010-இன் துனீசியாவும் கடைசித் துண்டில் கிட்டத்தட்ட ஒரே எண்ணில் நின்றன.

மற்ற துண்டுகளில் நிலைமை வேறு. பெண்களில் நான்கில் ஒருவர் அளவிலேயே வேலைச் சந்தையில் இருந்தார்கள். வேலைச் சந்தையில் இருந்த இளைஞர்களில் பத்தில் மூன்று பேருக்கு வேலை இல்லை. பட்டதாரிகளின் நிலை நாட்டுச் சராசரியைவிட மோசம். பொருளாதாரம் வளராமல் இல்லை, ஆண்டுக்கு நான்கைந்து சதவீதம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் புதிதாக வந்த வேலைகள் தையல் ஆலைகளிலும், கார்களுக்கான மின்கம்பிகளைக் கட்டுக்கட்டாகப் பொருத்தும் ஆலைகளிலும் வந்தன. பல்கலைக்கழகங்கள் உருவாக்கிய பட்டதாரிகள் அரசு வேலைக்குக் காத்திருந்தார்கள், அரசோ ஆள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தது. சிறு நிறுவனங்கள் வளர்ந்து பெரிதாகி ஆள் சேர்ப்பதும் அரிதாக இருந்தது. 2011-இல் மக்கள் கிளர்ச்சியில் ஆட்சி கவிழ்ந்த பிறகு உலக வங்கி ஆய்வாளர்கள் கணக்குகளைத் தோண்டினார்கள். அதிபர் பென் அலி குடும்பத்தோடு தொடர்புடைய 220 நிறுவனங்கள் தனியார் துறை லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை அள்ளியிருந்தன. அவை கொடுத்த வேலைவாய்ப்போ நூற்றுக்கு ஒன்று. லாபம் தரும் துறைகளில் புதியவர்கள் நுழைய முடியாதபடி உரிமங்களும் அனுமதிகளும் வேலி கட்டியிருந்தன. போட்டி நுழையாத துறையில் ஆள் எடுக்கவும் யாருக்கும் அவசரம் இல்லை.

2010 டிசம்பர் 17 அன்று சிதி பூசித் நகரில் தீக்குளித்து அந்தக் கிளர்ச்சிக்குத் தூண்டுகோலான முகமது புவாசிசியைப் பட்டதாரி என்று உலகமெங்கும் செய்திகள் எழுதின. அவர் பள்ளிப் படிப்பையே முடிக்காத பழ வியாபாரி. கணக்கெடுப்பின்படி அவர் வேலையில் இருப்பவர். நம் கணக்கின்படி முதல் துண்டில் ஒளிந்திருந்த மீதி.

ஆகவே ஒரு நாட்டுக்கு ஈவு வருகிறதா என்று அறிய வேலையில்லாதோர் விகிதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். நான் முதலில் பார்ப்பது உழைக்கும் வயதினர் நூறு பேரில் உண்மையில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதை, அதையும் ஆண், பெண் என்று பிரித்து. அப்புறம் 15 முதல் 24 வயதில் படிப்பும் இல்லாமல் வேலையும் இல்லாமல் இருப்போர் எத்தனை பேர் என்பதை. வேலைகள் கூடியிருந்தால், கூலி வேலையில் கூடினவா, சம்பளமில்லாத குடும்ப உழைப்பிலும் விவசாயத்திலும் கூடினவா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாவதில் கூடியிருந்தால் நான்கு பேர் வேலையை ஐந்து பேர் செய்கிறார்கள் என்று பொருள்.

காலக்கெடுவும் உண்டு. கொரியாவில் 2023-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 பிள்ளைகள்; அங்கே உழைக்கும் வயதினரின் எண்ணிக்கை குறையத் தொடங்கிவிட்டது. அந்த வீக்கம் இருந்தபோது சேர்த்த ஆலைகளும் சேமிப்பும் படிப்பும் இப்போது முதியவர்களைத் தாங்குகின்றன. துனீசியாவில் 2010-இல் வேலைக்குக் காத்திருந்த 25 வயதுக்காரருக்கு 2025-இல் 40 வயது. அவருக்கு ஓய்வுபெறும் வயது வரும்போது, பின்னால் வரும் தலைமுறை அவருடையதைவிடச் சிறியதாக இருக்கும்.