நிபந்தனை வாக்கியமா, செயின் தொடரா?

ஆங்கில இலக்கணத்தைத் தமிழில் கற்பிப்போர் ‘கண்டிஷனல்’ என்பதை ‘நிபந்தனை வாக்கியம்’ என்றே சொல்லிவருகிறார்கள். அண்மையில் திருத்தக் கொடுக்கப்பட்ட ஒரு மொழிபெயர்ப்பில், ‘அவன் சொல்லியிருந்தால் நான் வருவேன்’ என்று ஒரு பாத்திரம் புலம்புவதைப் படித்தபோது, இந்தப் பெயர் எவ்வளவு தூரம் வழிதவறச் செய்கிறது என்று மீண்டும் தோன்றியது. கதையில் அவன் சொல்லவுமில்லை, அவள் வரவுமில்லை. எழுதப்பட்டிருப்பதோ, அவன் சொல்லியிருக்கிறானா என்று தெரியாமல் இனிமேல் வரக் காத்திருப்பவளின் பேச்சு.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிபந்தனை வடசொல், ‘கட்டு’ என்னும் பொருள்கொண்ட வேரிலிருந்து வந்தது. கோயிலுக்கு ஏற்படுத்திய அறக்கட்டளையைக் கல்வெட்டுகள் நிபந்தம் என்று குறிப்பதும் இதன் உறவே. ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கும் உடன்படிக்கை என்பதே பொருள். இரண்டும் ஒருவர் மற்றவர்மேல் விதிப்பதையோ இருவர் ஒப்புக்கொள்வதையோ நினைவூட்டுகின்றன.

‘மழை பெய்தால் நிலம் நனையும்’ என்பதில் யார் யாருக்கு நிபந்தனை விதித்தார்கள்? கடன் பத்திரத்தில் இருப்பதுதான் நிபந்தனை. ‘நிறைவேறாத நிபந்தனை’, ‘கற்பனை நிபந்தனை’ என்று அதற்கு மேலும் வகை பிரிப்பது இன்னும் விந்தை. கற்பனையாக ஒரு நிபந்தனையை எவரும் விதிப்பதில்லை. இதைவிடப் பெரிய குறை, வாக்கியத்தின் முற்பகுதிக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டுப் பிற்பகுதியை மறக்கடிப்பது. மரபிலக்கணம் அப்படிச் செய்யவில்லை. நன்னூல் அடுக்கும் 12 வினையெச்ச வாய்பாடுகளில் ‘செயின்’ ஒன்று. அது எதிர்காலம் காட்டும். இன்று அதன் இடத்தில் பெரும்பாலும் ‘செய்தால்’ வழங்குகிறது. எச்சம் என்றாலே எஞ்சி நிற்பது என்று பொருளாதலால், முடிக்கும் சொல்லைத் தேட வேண்டும் என்ற நினைவு பெயரிலேயே இருக்கிறது. ஆகவே ‘செயின் தொடர்’ என்பேன். பிற்பகுதியை ‘முடிபு’ என்பேன்.

இப்போது பொருத்தத்துக்கு வருவோம். ‘செய்தால்’ இறந்தகால வடிவில் இருந்தாலும் இறந்தகாலம் காட்டாது. ‘நாளை மழை பெய்தால்’ என்று தடையின்றிச் சொல்கிறோம். இதற்கு இயல்பான முடிபு ‘செய்வான்’, அல்லது ஏவல். நடக்கக்கூடியதும் இங்கே அடங்கும், இப்போதைய கற்பனையும் அடங்கும். ‘நான் உன் இடத்தில் இருந்தால் போகமாட்டேன்’ என்பது கற்பனையே. ஆங்கிலத்தில் இதற்கு இறந்தகால வடிவம் வருவதைக் கண்டு மிரண்டு ‘இருந்திருந்தால்’ என்று எழுதுபவர்கள், பேச்சை நேற்றைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

நடந்து முடிந்ததை மாற்றி எண்ணும்போது இரண்டு பக்கமும் ‘இரு’ என்னும் துணைவினை ஏறும்: ‘செய்திருந்தால் செய்திருப்பான்’. ‘நீ நேற்றே சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன்’ என்பதில் சொல்லவில்லை, வரவில்லை என்னும் இரண்டும் அடங்கிவிடுகின்றன. முற்பகுதியை அப்படியே விட்டு முடிபை மட்டும் ‘வருவேன்’ என்று மாற்றினால் அந்த இல்லாமை கரைந்துபோகிறது. மேலே சொன்ன புலம்பலில் நேர்ந்த பிழை இதுதான். மாறாக, ‘பணம் இருந்தால் கொடுத்திருப்பேனே’ என்று எச்சத்தைச் சுருக்கினாலும் கெடுவதில்லை. ‘இருந்திருந்தால்’ நாவில் கனப்பதால் பேச்சில் அதைக் குறைத்துக்கொள்கிறோம். இல்லாமையை முடிபே சுமந்துகொள்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும் ‘இரு’ நிற்பதானால் அது முடிபில்தான் நிற்க வேண்டும்.

ஆனால் இரண்டு பக்கமும் பொருந்திவிட்டாலே பொருள் தெளிந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. ‘மருந்து சாப்பிட்டிருந்தால் காய்ச்சல் தணிந்திருக்கும்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூரிலிருக்கும் தாய் இதைச் சொன்னால், சாப்பிட்டானோ என்னவோ, சாப்பிட்டிருந்தால் இந்நேரம் தணிந்திருக்கலாம் என்று ஊகிக்கிறாள். கட்டிலருகே நின்று சொன்னால், அவன் சாப்பிடவில்லை என்று குறைகூறுகிறாள். வடிவம் ஒன்றே. பின்னால் ‘சாப்பிடவில்லையே’ என்று சேர்த்துப் பார்த்தால் எது என்று தெரியும்: குறையோடு அது ஒட்டும், ஊகத்தோடு முரணும். சூழல் போதாத இடத்தில் ‘நேற்றே மருந்து சாப்பிட்டிருந்தால் இன்று இந்தக் காய்ச்சல் இருந்திருக்காது’ என்று கண்முன் இருப்பதை மறுத்துச் சொன்னால் ஊகத்துக்கு இடமில்லை.

இந்த நுணுக்கத்தை முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்று ஆங்கிலப் பாடத்தின் எண்களை ஒட்டிக் கற்பிக்கும்போது, மாணவர் தமிழிலும் மூன்று தனி வடிவங்களைத் தேடுகிறார். இப்போதைய கற்பனையைச் சொல்லும் இரண்டாம் வகைக்கெனத் தமிழில் தனி வடிவம் இல்லை. முதல் வகையின் ‘செய்தால் செய்வான்’ அதற்கும் சேர்த்தே உழைக்கிறது. இல்லாத அந்த வடிவத்துக்காக இழுத்து வரப்படுவதுதான் மொழிபெயர்ப்புகளில் நான் அடித்து அடித்து ஓய்ந்துபோகும் ‘இருந்திருந்தால்’.