‘ஆரம்ப செப்சிஸ்’ என்ற சொல்லில் உள்ள சிக்கல்

பிறந்து ஒரு நாளான குழந்தையின் அப்பாவிடம் "ஆரம்ப செப்சிஸ் மாதிரி தெரியுது" என்று சொன்னால், அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும். நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது, நல்லவேளை சீக்கிரம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். மருத்துவர் சொல்ல வந்தது வேறு. பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே செப்சிஸ், அதாவது ரத்தத்தில் கிருமி பரவும் ஆபத்தான தொற்று, தொடங்கிவிட்டது என்கிறார் அவர். அந்த ‘ஆரம்பம்’ குழந்தையின் வயதைக் குறிக்கிறது. நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

முதலில் செப்சிஸ் என்ற சொல்லைப் பார்ப்போம். அது கிரேக்கச் சொல், பொருள் அழுகல். ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவ நூல்களிலேயே வருகிறது. நம் பேச்சில் அதே வேர் இரண்டு இடங்களில் புழங்குகிறது: செப்டிக் டேங்க், "புண் செப்டிக் ஆயிடுச்சு". இந்த இரண்டாவது வழக்கால்தான் சிலர் செப்சிஸைச் ‘சீழ்ப்பிடிப்பு’ என்று எழுதுகிறார்கள். பச்சிளங்குழந்தைக்கு, அதாவது பிறந்து 28 நாள் ஆகாத குழந்தைக்கு, இந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. பெரும்பாலும் சீழும் இருக்காது, புண்ணும் இருக்காது. தோல் வழவழவென்று இருக்கும்போதே ரத்தத்தில் கிருமி பெருகிக்கொண்டிருக்கும். சீழைத் தேடும் பெற்றோருக்கு ஆபத்து கண்ணில் படாது.

‘குருதித்தொற்று’ என்பது இதைவிட நெருக்கமான சொல். நுரையீரலுக்கும் மூளை உறைக்கும் பரவிய தொற்றையும் மருத்துவர்கள் செப்சிஸ் என்ற பெயருக்குள் சேர்ப்பதால், அதுவும் முழுதாக மூடாது. ஆனாலும் எழுத்தில் இதையே நான் விரும்புகிறேன். பெற்றோரிடம் பேசும்போது "ரத்தத்தில் கிருமி பரவியிருக்கிறது" என்றால் போதும், புரிந்துவிடும்.

சரி, ‘ஆரம்ப’, ‘பிற்பாடு’ என்று செப்சிஸை இரண்டாகப் பிரிப்பது எதற்காக? பிறந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஒரு பெயர், அதற்குப் பிறகு என்றால் இன்னொரு பெயர். சிலர் 7 நாள் என்று கோடு போடுவார்கள். கோட்டுக்குப் பின்னால் இருப்பது ஓர் ஊகம். முந்தி வந்தால் கிருமி தாயின் பிறப்புப் பாதையிலிருந்து வந்திருக்கும். பிந்தி வந்தால் வார்டிலிருந்தோ வீட்டிலிருந்தோ வந்திருக்கும். எந்தக் கிருமி என்று தெரிவதற்கு முன்பே மருந்து தொடங்கவேண்டியிருப்பதால், இந்த ஊகம்தான் மருந்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நிறைமாதம், எடை 2.8 கிலோ. பனிக்குடம் உடைந்து 20 மணி நேரம் கழித்துப் பிறந்தது. பிரசவத்தின்போது அம்மாவுக்குக் காய்ச்சல். பிறந்து 14 மணி நேரத்தில் அம்மா சொல்கிறாள்: "காலையில நல்லா குடிச்சான், இப்ப வாயில வச்சா சும்மா கிடக்கான்." உடம்பைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. மூச்சு நிமிடத்துக்கு 68.

இந்தச் சில்லிப்பைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். தொற்று என்றால் காய்ச்சல் என்று நாம் பழகியிருக்கிறோம். பச்சிளங்குழந்தைக்கு உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸுக்கு ஏறினாலும் ஆபத்து, 35.5-க்குக் கீழே இறங்கினாலும் அதே ஆபத்து. குறைமாதக் குழந்தைகளில் இறங்குவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் மற்ற அபாய அறிகுறிகளும் இப்படி அமைதியானவைதான்: பால் குடிக்காமை, தட்டினால் மட்டும் அசைவது அல்லது அசைவே இல்லாமை, நிமிடத்துக்கு 60-க்கு மேல் மூச்சு, மார்புக்கூடு ஆழமாக உள்வாங்குதல், வலிப்பு. ஒன்று இருந்தாலே உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும். பட்டியலில் முதலில் மாறுவது பெரும்பாலும் பால் குடிப்பதுதான். அதைக் கவனிப்பவள் அம்மா. அவள் சொல்லை நான் எந்த ரத்தப் பரிசோதனைக்கும் கீழே வைக்கமாட்டேன். தொற்று வந்தால் ரத்தத்தில் கூடும் சி.ஆர்.பி. என்ற புரதத்தின் அளவு ஏறவே பல மணி நேரம் ஆகும். முதல் பரிசோதனையில் அது சரியாக இருப்பதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

மருந்துக்கு முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தம், குறைந்தது 1 மில்லி. குறைவாக எடுத்தால் கிருமி இருந்தும் சிக்காமல் போகலாம். அப்புறம் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும். ஏன் இரண்டு? பிறப்புப் பாதையிலிருந்து வரக்கூடிய குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ், லிஸ்டீரியா போன்றவற்றை ஆம்பிசிலின் பார்த்துக்கொள்ளும். ஈ. கோலை மாதிரியான குடல் கிருமிகளில் பல ஆம்பிசிலினுக்கு அசையாது, அவற்றுக்கு ஜென்டாமைசின். இந்தக் குழந்தைக்கு ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம், ஆக 140 மில்லிகிராம், முதல் வாரத்தில் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ஜென்டாமைசின் கிலோவுக்கு 5, ஆக 14 மில்லிகிராம், நாளைக்கு ஒரே ஒருமுறை. சிறுநீரகம் இன்னும் முதிராததால் மருந்து மெதுவாகத்தான் வெளியேறும். ஜென்டாமைசின் தேங்கினால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும். அதனால்தான் இந்த நீண்ட இடைவெளி.

இப்போது பக்கத்து வார்மர் படுக்கையில் இன்னொரு குழந்தை. குறைமாதம், 1.6 கிலோ. அம்மாவுக்குக் காய்ச்சல் இல்லை, பனிக்குடமும் முன்கூட்டி உடையவில்லை. இரண்டு நாளாக நரம்பில் ஊசிக்குழாய் ஏறியிருக்கிறது. 60-ஆவது மணி நேரத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, வயிறு உப்புகிறது. கடிகாரப்படி இதுவும் ‘ஆரம்ப செப்சிஸ்’. ஆனால் கிருமி வார்டின் கைகளிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

நம் நாட்டில் இது அரிதான விதிவிலக்கு இல்லை. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில், அங்கேயே பிறந்த குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. செப்சிஸில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியிருந்தது. முன்னால் நின்ற கிருமிகள் அசினெடோபாக்டர், க்ளெப்சியெல்லா, ஈ. கோலை. முந்தி வந்ததிலும் பிந்தி வந்ததிலும் கிருமிகள் ஏறக்குறைய ஒன்றே. க்ளெப்சியெல்லாவில் பாதிக்கு மேல் பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. மேலை நாட்டுப் பாடநூல்கள் முதலில் பேசும் குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இங்கே முன்வரிசையில் இல்லை.

ஆகவே இரண்டாவது குழந்தைக்கு மருந்து எழுதும்போது கடிகாரம் உதவாது. அந்தப் பிரிவில் கடந்த மாதங்களில் கல்ச்சரில் என்ன வளர்ந்தது, எதற்குக் கட்டுப்பட்டது என்ற பதிவேடுதான் உதவும். அங்கே கிருமி ஜென்டாமைசினுக்கு அடங்காமல் அமிகாசினுக்குக் கட்டுப்படுகிறது என்றால் அமிகாசின். ஆம்பிசிலினை க்ளெப்சியெல்லா இயல்பிலேயே எதிர்க்கும் என்பதால், துணை மருந்தையும் மாற்றவேண்டியிருக்கும். பயத்தில் எல்லாருக்கும் மெரோபெனம் என்ற வலுவான மருந்தைத் தொடங்கினால், அதற்கும் அடங்காத கிருமியை அந்த வார்டே வளர்த்துவிடும். முதல் குழந்தை தேறிப் பால் குடிக்கிறது, 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை, மற்றப் பரிசோதனைகளும் நன்றாக இருக்கின்றன என்றால் மருந்தை நிறுத்திவிடலாம்.

பெயருக்கு வருவோம். ‘ஆரம்ப’, ‘தொடக்கநிலை’ இரண்டையும் விட்டுவிட்டு, ‘முந்தித் தொடங்கிய குருதித்தொற்று’, ‘பிந்தித் தொடங்கிய குருதித்தொற்று’ என்று எழுதலாம் என்பது என் எண்ணம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் கட்டம் என்ற குழப்பம் வராது. கேஸ் ஷீட்டில் அதன் பக்கத்திலேயே ‘தாய்வழி’ அல்லது ‘வார்டுவழி’ என்று ஊகத்தையும் வெளிப்படையாக எழுதிவிட்டால், அடுத்த ஷிஃப்டுக்கு வருபவர் எதை நம்பி மருந்து தொடங்கினார்கள் என்பதை உடனே பார்த்துக்கொள்வார்.