ஒரே ஒரு ரிஷபம்

குறும்படக் காட்சி இதுதான். காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. பங்குத் தகராறில் தம்பிகளோடு சண்டை போட்டுவிட்டு வந்த அண்ணன், வளவில் தூணோரம் உட்காருகிறார். உள்ளே ஆச்சி விளக்கேற்றுகிறார். வசனம் கிடையாது. 90 விநாடிக்குள் அவர் முகம் அடங்க வேண்டும், பின்னணியில் ஒரு முருகன் பாட்டு. குன்றக்குடி பக்கத்திலேயே இருக்கும்போது வேறு யாரைப் பாடுவது?

நான் எடுத்துக்கொண்டவை இரண்டு ராகங்கள்: ரேவதி, மத்யமாவதி. இரண்டிலும் ஸ, ம, ப, நி ஒன்றேதான். மாறுவது ‘ரி’ என்ற ரிஷபம் மட்டும். ரேவதியில் ‘ஸ’ என்ற ஸட்ஜத்தை ஒட்டி நிற்கும் சுத்த ரிஷபம், மத்யமாவதியில் சற்று மேலே இருக்கும் சதுச்ருதி ரிஷபம். அந்த ஒரு ஸ்வரத்தை நகர்த்தினால் பாட்டின் முகமே மாறிவிடுகிறது. ஏன் என்பதைத் தம்புராதான் சொல்லும்.

பாடகிக்கு ஐந்து கட்டை சுருதி. ஸட்ஜம் விநாடிக்குச் சுமார் 196 அதிர்வுகள். தம்புராவின் முதல் தந்தியான கீழ்ப் பஞ்சமம் 147. எந்தத் தந்தியும் தன் அதிர்வில் மட்டும் ஒலிப்பதில்லை, அதன் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கூடவே கேட்கும். 147-இன் மூன்று மடங்கு 441. சதுச்ருதி ரிஷபம் 220.5, அதன் இரண்டு மடங்கும் 441! அதாவது பாடகி வாய் திறக்கும் முன்பே அந்த ரிஷபம் தம்புராவுக்குள் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அவர் குரல் அங்கே போய்ச் சேரும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

சுத்த ரிஷபத்துக்கு அந்தத் துணை இல்லை. அது சுமார் 209. அதன் இரண்டு மடங்கான 418, ஒரு பக்கம் ஸட்ஜத்தின் 392-க்கும் மறுபக்கம் பஞ்சமத் தந்தியின் 441-க்கும் நடுவே மாட்டிக்கொள்கிறது. இப்படி நெருங்கிய இரண்டு ஒலிகள் சேர்ந்தால் விநாடிக்கு இருபது முப்பது முறை வலுத்து மெலியும். காது அதை ஒரு சொரசொரப்பாக உணர்கிறது. அண்ணனின் மனசு அந்த நேரத்தில் அப்படித்தானே இருக்கிறது?

ஆனால் எல்லாம் இயற்பியல் இல்லை. ரேவதி அழுகை ராகம் என்று சொன்னால் தவறு. கச்சேரியை மத்யமாவதியில் முடித்துக் கேட்ட பழக்கமும் நம் காதில் இருக்கிறது, ‘எல்லாம் நல்லபடியாக முடிந்தது’ என்ற உணர்வில் பாதி அங்கிருந்து வருகிறது.

பாட்டின் தொடக்கம் ‘வேலவா, வந்து நின்றேன்’. ‘வேலவா’வின் கடைசி ‘வா’ நெடில், அதை ரிஷபத்தில் நீட்டலாம். குறிலில் நீட்டினால் சொல் கெடும். நிமிடத்துக்கு 48 தட்டு, ஆதி தாளம். எட்டுத் தட்டு கொண்ட ஒரு சுற்று, அதாவது ஓர் ஆவர்த்தனம், சரியாக 10 விநாடி. 90 விநாடியில் ஒன்பது ஆவர்த்தனம். முதலாவதில் தம்புரா மட்டும். அடுத்த மூன்றில் ரேவதி, அரை ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை மூச்செடுக்கும் சின்னச் சின்ன அடிகள். ஐந்தாவதில் குரல் நிற்கும், ஆச்சி திரியைத் தூண்டுவார். ஆறாவதில் அதே ‘வேலவா’, ரிஷபம் மட்டும் மாறி. இப்போது அடிகள் முழு ஆவர்த்தனம் நீள்கின்றன, பத்து விநாடிக்கு ஒரு மூச்சு. ஜெபமாலையும் மந்திரமும் சொல்பவர்களின் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குவதை 2001-இல் இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு அளந்து வெளியிட்டது. அதே அளவுதான் இது.

முதல் பதிவு வீணாய்ப் போனது. மூடிய கல்யாணக் கூடத்தில் எடுத்தோம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர், ஆத்தங்குடிக் கல் தரை, எதுவும் ஒலியை உறிஞ்சவில்லை. முதல் பாதியின் கார்வை விட்டுப் போகாமல் ஐந்தாவது ஆவர்த்தனத்தின் மௌனத்துக்குள்ளும் வழிந்தது. அடிகளுக்குள் ஒரு ஸ்வரத்தின் மேல் அடுத்தது ஏறி, எல்லாம் கலங்கல். அப்புறம் வளவுக்கே வந்தோம். முற்றத்தின் திறந்த வானத்துக்குப் போன ஒலி திரும்பி வராது, கார்வை அளவோடு நிற்கிறது. காக்கை அடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கலவையில் ஒரு தவறு எளிதாக நடக்கும்: குரல் எடுப்பாக இருக்கட்டும் என்று தம்புராவைக் குறைத்துவிடுவது. சோதிக்க வழி உண்டு. ஆறாவது ஆவர்த்தனத்தில் தம்புராவை முழுக்க நிறுத்திக் கேளுங்கள். ரிஷபத்தில் வித்தியாசமே தெரியவில்லையென்றால் தம்புரா ஏற்கெனவே போதாமல்தான் இருந்தது. கீழே கீபோர்டில் காந்தாரம் கலந்த கார்டு வைத்தாலும் இதே கதி, இந்த இரண்டு ராகத்திலும் இல்லாத ஸ்வரம் அது.

ஒன்பதாவது ஆவர்த்தனத்தில் குரல் இல்லை. இயக்குநர் அங்கே கோயில் மணி கேட்டார். ஹெட்ஃபோனைக் கொடுத்துத் தம்புராவை மட்டும் கேட்கச் சொன்னேன். பாடகி நிறுத்திய பிறகும் பஞ்சமத் தந்திக்குள் அந்த ரிஷபம் மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. மணி வேண்டாம் என்றார்.