203 ரூபாயைக் காப்பாற்றப் போன டாலர்கள்

2021-இல் இலங்கை சுமார் 2,060 கோடி டாலருக்குப் பொருட்களை இறக்குமதி செய்தது. ஏற்றுமதியில் வந்தது 1,250 கோடி. இடைவெளியின் பெரும்பகுதியை வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணமும் சுற்றுலா வருமானமும் அடைக்க வேண்டும். அப்படியும் அடைபடாமல் மிஞ்சுவதுதான் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை. அந்த ஆண்டு அது மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய 4 சதவீதம்.

4 சதவீதம் ஒன்றும் பயங்கரமான எண் இல்லை. 2012-இல் இதைவிட அதிகமாக இருந்தும் நாடு தாக்குப்பிடித்தது. அப்போது வெளியில் கடன் கிடைத்தது. 2020-இல் கடன் தரமதிப்பீடு சரிந்தபின் சர்வதேசச் சந்தையில் கடன் கொடுக்க ஆளில்லை. பற்றாக்குறையோடு பழைய கடன் தவணைகளும் சேர்ந்து நின்றன. எல்லாவற்றுக்கும் மத்திய வங்கியின் கையிருப்பில்தான் கைவைக்க வேண்டியிருந்தது. 2019 இறுதியில் 760 கோடி டாலராக இருந்த கையிருப்பு, 2021 இறுதியில் 310 கோடியாகியது.

அந்த 310 கோடியிலும் ஏறத்தாழ பாதி சீன மத்திய வங்கியுடனான நாணயப் பரிமாற்ற ஏற்பாட்டில் வந்த யுவான். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்பது நிபந்தனை. அதாவது, தேவைப்படும் நேரத்தில் பயன்படாத பணம். ஒரு நாட்டின் கையிருப்பைப் பார்க்கும்போது மொத்தத் தொகையைவிட உடனே எடுத்துச் செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்றுதான் முதலில் கேட்க வேண்டும்.

சரி, ரூபாய்க்கு இதனால் என்ன? டாலர் குறையும்போது அதன் விலை ஏற வேண்டும். ஆனால் மத்திய வங்கி 2021 செப்டம்பர் முதல் ஒரு டாலர் சுமார் 203 ரூபாய் என்று பிடித்து வைத்தது. இந்த விலை நிற்காது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இறக்குமதியாளர் இன்றே டாலர் வாங்கப் பார்த்தார். ஏற்றுமதியாளர் தன் டாலரை மாற்றாமல் நாள் கடத்தினார். வளைகுடாவில் வேலை செய்பவருக்கு, வங்கிக்கு வெளியே பணத்தை ஊருக்கு அனுப்பித் தரும் உண்டியல்காரர் வங்கியைவிட அதிக ரூபாய் கொடுத்தார். அவர் ஏன் வங்கிக்குப் போகப்போகிறார்? 2020-இல் 710 கோடி டாலராக இருந்த, வெளிநாட்டில் உழைப்பவர்கள் வங்கி வழியாக அனுப்பும் பணம், மறு ஆண்டு 550 கோடியாகச் சுருங்கியது. விலையைக் காப்பாற்றும் முயற்சியே டாலர் வரத்தை அடைத்தது. என் பார்வையில், பற்றாக்குறையைவிடப் பெரிய சேதம் இதுதான்.

2022 ஜனவரியில் 50 கோடி டாலர் கடன்பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மார்ச் 7 அன்று ரூபாயைத் தளர்த்தினார்கள், 230 வரை போகலாம் என்று. பிடித்து நிறுத்தக் கையில் டாலர் இல்லாததால் அது 230-இல் நிற்கவில்லை. மே மாதத்தில் 360-ஐத் தாண்டியது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன. மே தொடக்கத்தில் பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 5 கோடி டாலர்கூட இல்லை என்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

அப்புறம் இறக்குமதி எட்டாத விலைக்குப் போய்த் தானாகக் குறைந்தது. வங்கி விலைக்கும் உண்டியல் விலைக்கும் இடைவெளி சுருங்கவே, 2023-இல் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்த பணம் மறுபடி 600 கோடி டாலரை நெருங்கியது. நடப்புக் கணக்கும் உபரிக்கு வந்தது. அந்த உபரியில் ஒரு பங்கு, மக்கள் வாங்காமல் விட்ட பொருட்களின் கணக்கு.