பலகையில் விழும் கால்

நீளம் தாண்டுபவர் மணலில் விழுவதைத்தான் எல்லோரும் தரையிறக்கம் என்கிறோம். உயரம் தாண்டுபவருக்கு அது மெத்தை. ஆனால் முழங்காலைச் சோதிக்கும் தரையிறக்கம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வேகமாக ஓடிவந்து கடைசி அடியில் ஒற்றைக் காலை ஊன்றுகிறார்களே, அதுதான் அது. நீளம் தாண்டுபவர் ஊன்றுவது தாண்டுபலகையில். அந்தப் பாதம் தரையில் இருக்கும் நேரம் சுமார் 0.12 விநாடி. அதற்குள் உடல் எடையைப் போல் பல மடங்கு விசையை வாங்கி, திருப்பிக் கொடுத்து, ஆளை மேலே அனுப்பியாக வேண்டும். மணலும் மெத்தையும் விசையைத் தாங்களே விழுங்கிக்கொள்ளும். பலகை எதையும் விழுங்காது.

அதனால்தான் என்னிடம் வரும் பிள்ளைகளுக்குத் தாண்டுவதற்கு முன் விழக் கற்றுக்கொடுக்கிறேன். போன பருவத்தில் வந்த ஒரு பெண்ணை வைத்தே இதைச் சொல்கிறேன். பதின்மூன்றரை வயது, 48 கிலோ, நீளம் தாண்டுபவள். அதற்கு முந்தைய எட்டு மாதத்தில் 6 செ.மீ. வளர்ந்திருந்தாள். முழங்கால் சில்லுக்கு நாலு விரல் கீழே, எலும்பு சற்றுப் புடைத்திருக்கும் இடத்தில், பயிற்சிக்குப் பிறகு வலி. மண்டியிட்டு உட்கார்ந்தால் 'சுருக்'கென்று குத்தும்.

அந்த இடத்தில்தான் தொடையின் முன்தசை, தசைநாண் வழியாகக் கால் எலும்பில் போய்ப் பிடிக்கிறது. பெரியவர்களுக்கு அது முற்றிய எலும்பு. வளரும் பிள்ளைக்கு அங்கே இன்னும் குருத்தெலும்பு இருக்கிறது. ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் தசை அதைப் பிடித்து இழுக்கிறது. இழுப்பு மிஞ்சினால் இடம் புண்ணாகி வீங்கும். ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். பெண்களுக்கு ஏறக்குறைய 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் உயரம் மிக வேகமாகக் கூடுகிறது. எலும்பு முதலில் நீண்டுவிடும், தசையின் பலம் பின்னால்தான் வந்து சேரும். இடையில் உள்ள மாதங்களில் நெம்புகோல் நீளமாகிவிட்டது, அதைப் பிடிக்கும் கை பழையது.

அவளை 30 செ.மீ. பெட்டியின் மேல் நிறுத்தி, ஓரடி முன்னால் வைத்து அப்படியே இறங்கி நிற்கச் சொன்னேன். பக்கத்திலிருந்து ஃபோனில் ஸ்லோமோஷன் எடுத்தேன். முதலில் காதுக்குத்தான் விஷயம் தெரிந்தது: பாதம் 'தப்' என்று அறைந்தது. படத்தில் முதுகு நேராக, விறைப்பாக இருந்தது. இடுப்பு மடங்கவே இல்லை. முழங்கால் மட்டும் கொஞ்சம் மடங்கி நின்றுவிட்டது. முன்னாலிருந்து எடுத்தபோது இடது முழங்கால் உள்பக்கமாகச் சரிந்து, கட்டை விரலையும் தாண்டிப் போனது.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. விழுந்த உயரத்தை, தரையைத் தொட்ட பிறகு உடல் தாழ்ந்த தூரத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டுங்கள். நிற்கும் வரை தரை கொடுக்கும் சராசரி விசை உடல் எடையைப் போல் எத்தனை மடங்கு என்பது கிடைக்கும். அவள் 30 செ.மீ. விழுந்து 10 செ.மீ. மட்டும் தாழ்ந்தாள். அப்படியானால் நான்கு மடங்கு, அதாவது 192 கிலோ பாரம். அதே பெட்டியிலிருந்து இறங்கி 30 செ.மீ. தாழ்ந்திருந்தால் இரண்டு மடங்குதான், 96 கிலோ. இது சராசரி மட்டுமே. தொட்ட நொடியின் உச்ச விசை இதைவிட அதிகம். பெட்டியின் உயரம் மாறவில்லை, எடையும் மாறவில்லை. விழுந்த விதம் மட்டுமே பாரத்தை இரட்டிப்பாக்கிவிட்டது.

எங்கே மடங்குகிறோம் என்பதும் முக்கியம். முதுகை விறைப்பாக வைத்து முழங்காலை மட்டும் மடக்கினால், உடலை நிறுத்தும் வேலை பெரும்பாலும் முன்தொடைத் தசையின் தலையில்தான் விழும். அதாவது, ஏற்கெனவே புண்ணான அந்தக் குருத்தெலும்பின் மேல். நாற்காலியில் உட்காரப் போவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளி, மார்பைச் சற்று முன்னால் சாய்த்தால், பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும் பங்குக்கு வரும். அவளுடைய வலிக்கு மருந்து ஓய்வு மட்டும் இல்லை, இந்தப் பங்கீடும்தான்.

சரி, முழங்கால் உள்ளே சரிந்தால் என்ன? முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் குறுக்காகக் கட்டும் ஒரு நார் இருக்கிறது. ஏசிஎல் என்று விளையாட்டு வீரர்கள் அஞ்சும் பெயர். தாண்டி விழுகையில் அது அறுந்த காட்சிகளின் வீடியோக்களை ஆய்வாளர்கள் அலசியபோது, பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிக்குள்ளேயே காயம் நிகழ்ந்துவிடுவது தெரிந்தது. அவ்வளவு நேரத்தில் யாராலும் 'ஐயோ, முழங்கால் சரிகிறதே' என்று உணர்ந்து திருத்த முடியாது. தசை காற்றில் இருக்கும்போதே முறுக்கேறித் தயாராக இருக்க வேண்டும். புத்தி சொல்வது அங்கே போய்ச் சேராது, பழக்கம் மட்டுமே சேரும். தரையிறக்கத்தை நூறு முறை, ஆயிரம் முறை செய்ய வைப்பதற்கு உண்மையான காரணம் இதுதான்.

ஆனால் பெட்டிச் சோதனையை ஜோசியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2005-ல் 205 இளம் வீராங்கனைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வில், பிறகு ஏசிஎல் அறுந்த ஒன்பது பேருக்கு முழங்கால் அதிகமாக உள்ளே சரிந்திருந்தது. 2016-ல் நார்வேயில் 700-க்கும் மேற்பட்ட கால்பந்து, ஹேண்ட்பால் வீராங்கனைகளை வைத்துச் செய்த ஆய்வில், அந்தச் சோதனையால் யாருக்குக் காயம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. ஆகவே எனக்கு அது, இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று காட்டும் படம். அவ்வளவுதான்.

முதல் மூன்று வாரம் அவளுக்கு ஓட்டமும் பலகையும் கிடையாது. 15 செ.மீ. பெட்டியிலிருந்து இறங்கி நிற்பது மட்டும். நின்ற பிறகு மூன்று விநாடி அசையக் கூடாது. ஐந்து ஐந்தாக மூன்று சுற்று. மற்ற சின்னச் சின்ன தாவல்களும் சேர்ந்து ஒரு நாளில் பாதம் தரையைத் தொடும் எண்ணிக்கை 40-ஐத் தாண்டாது. வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் குறைந்தது 48 மணி நேர இடைவெளி. 'முழங்காலை வெளியே தள்ளு, இடுப்பை மடக்கு' என்று உறுப்பு உறுப்பாகச் சொன்னால் பிள்ளைகள் கட்டை மாதிரி ஆகிவிடுகிறார்கள். 'சத்தமே கேட்கக் கூடாது' என்று மட்டும் சொன்னேன். அது ஒன்றே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடுகிறது, ஏனென்றால் சத்தமில்லாமல் விழ ஒரே வழி எல்லா மூட்டும் மடங்குவதுதான்.

அடுத்த படிக்குப் போக வாரக் கணக்கு பார்ப்பதில்லை. ஐந்தில் ஐந்தும் சத்தமில்லாமல், முழங்கால் பாதத்துக்கு நேராக, ஒட்டுத்தாவல் இல்லாமல் நின்றால் போகலாம். ஒட்டுத்தாவல் என்று நான் சொல்வது விழுந்தபின் நிலை தடுமாறிப் போடும் அந்தக் குட்டிக் குதி. வேகம் முழுவதும் நிற்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

இந்த இடத்தில் பலர் வரிசையை மாற்றிவிடுகிறார்கள். பெட்டியின் மேல் தாவி ஏறுவது பார்க்கப் பெரிய வித்தை மாதிரி இருக்கும், ஆனால் மூட்டுக்கு அது லேசானது. உச்சியை எட்டிய உடனே கீழே பெட்டி வந்துவிடுவதால் விழும் தூரம் கொஞ்சம்தான். (இறங்கும்போது குதிக்காமல் கால் வைத்து இறங்க வேண்டும். காயம் பெரும்பாலும் இந்த அலட்சியத்தில்தான்.) மாறாக, தரையிலிருந்து நேராக மேலே எம்பி அதே தரையில் விழுவது சாதாரணமாகத் தோன்றும். அவள் 32 செ.மீ. எம்புகிறாள். அப்படியானால் அவளுடைய சொந்தத் தாவலே 15 செ.மீ. பெட்டியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான வீழ்ச்சி. எனவே முதலில் தாழ்ந்த பெட்டியிலிருந்து இறங்குதல், பெட்டி மேல் ஏறுதல். அப்புறம் எம்பி நிற்பது, முன்னால் தாவி நிற்பது. ஒற்றைக் கால் அதற்கும் பிறகு. அங்கே உயரம் அதேதான், ஆனால் பாரத்தைப் பங்குபோட இன்னொரு கால் இல்லை, முழங்கால் சரிவதும் அங்கேதான் மறுபடி எட்டிப்பார்க்கும்.

எட்டாவது வாரம் ஒரு முக்கியமான திருப்பம். அதுவரை மெத்தென்று விழக் கற்றவளை இப்போது விறைப்பாகத் தொடச் சொல்ல வேண்டும். பலகையில் 30 செ.மீ. தாழ்ந்தால் தாண்டவே முடியாது, வேகம் அங்கேயே செத்துவிடும். பிளையோமெட்ரிக் எனப்படும் துள்ளல் பயிற்சியின் சாரமே இதுதான்: தசைநாண் ரப்பர் போல் நீண்டு, ஆற்றலைப் பிடித்து, உடனே சுருங்கித் திருப்பிக் கொடுக்கிறது. தரையில் கால் விநாடிக்கு மேல் தங்கினால் அந்த உடனடித் துள்ளலின் பெரும்பகுதி வீணாகிவிடும். எனவே கயிறு தாண்டுதல், கணுக்காலால் மட்டும் துள்ளும் சின்னக் குதிகள், 15 செ.மீ. குட்டித் தடைகள். சொல்லும் வார்த்தையும் மாறுகிறது: 'தரை சுடுகிறது, தொட்டவுடன் எடு.' நிறுத்தும் விழுகையும் துள்ளும் விழுகையும் இரண்டு தனித் திறமைகள். முதலாவதில் முழங்கால் நேராக நிற்கக் கற்ற பிறகே இரண்டாவதைக் கொடுக்கிறேன், ஏனென்றால் விறைப்பான காலில் கோணல் இருந்தால் முழு விசையும் அந்தக் கோணலில் போய் இறங்கும்.

உயரப் பெட்டியிலிருந்து விழுந்த வேகத்தில் எம்பும் 'டெப்த் ஜம்ப்' அவளுக்கு இந்த வருடம் இல்லவே இல்லை. சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி 1960-களில் அதைப் பிரபலமாக்கியபோது, பல வருடம் பலம் ஏற்றிய தாண்டுபவர்களுக்காகவே அதை வைத்தார்.

வலியை நாங்கள் அளந்துகொண்டே போனோம். பத்துக்கு மூன்று வரை இருக்கலாம், ஆனால் மறுநாள் காலை படி இறங்கும்போது அது கூடியிருக்கக் கூடாது. கூடியிருந்தால் அடுத்த முறை ஒரு படி கீழே. மாதம் ஒருமுறை சுவரில் உயரம் குறித்தோம். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறினால் எண்ணிக்கையைக் கூட்டுவதில்லை என்பது என் விதி. பள்ளி விளையாட்டு வகுப்பில் போடும் தாவல்களும் அந்தக் கணக்கில் சேரும். பிள்ளைகள் அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள், கேட்டு வாங்க வேண்டும். முழங்கால் வீங்கினாலோ, மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, பிள்ளை நொண்டினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். இந்த வயதில் இடுப்பு மூட்டின் கோளாறுகூட முழங்கால் வலியாகக் காட்டும் என்பதால் இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதினான்காவது வாரம் ஆறு காலடி ஓட்டத்தில் பலகைக்குத் திரும்பினாள். அன்று எட்டே தாண்டல் என்பது திட்டம். ஏழாவதில் பாதம் பலகையைத் தட்டிய சத்தம் மாறியது. அதுவரை 'டக்'கென்று கேட்டது, இப்போது பழைய 'தப்'. படத்தில் இடது முழங்கால் லேசாக உள்ளே. எட்டாவதைச் செய்ய வேண்டாம் என்றேன். அவளுக்கு வருத்தம்தான், அதுவரை தாண்டியதில் ஆறாவதுதான் அதிக நீளம். அடுத்த முறை ஆறோடு நிறுத்தினோம்.