பெரிய துறைக்கு முதலில் இடம்: ஒரு கல்லூரியின் சப்நெட் கணக்கு

ஒரு பாலிடெக்னிக்கில் நெட்வொர்க்கைத் துறைக்கு ஒரு சப்நெட்டாகப் பிரித்துக் கொடுத்தேன். கையில் இருந்தது 10.20.4.0/22, அதாவது 10.20.7.255 வரை 1024 முகவரிகள். கணினித் துறையில் 280 கருவிகள், மின்னணுவியலில் 110, இயந்திரவியலில் 55, அலுவலகத்தில் 30.

முதலில் ஒவ்வொரு துறைக்கும் அளவு பார்க்க வேண்டும். அலுவலகத்தின் 30 கருவிகளுக்கு 32 முகவரி கொண்ட /27 போதும் என்றுதான் தோன்றும். ஆனால் முதல் முகவரி சப்நெட்டின் பெயராகவும் கடைசி முகவரி பிராட்காஸ்ட்டாகவும் போய்விடும். மீதி 30-இல், மற்ற சப்நெட்டுகளுக்குப் போக வழியாக இருக்கும் கேட்வேக்கு ஒன்று எடுத்தால் 29தான் மிஞ்சும். அதனால் 64 முகவரி கொண்ட /26 கொடுத்தேன்.

அடுத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்க வேண்டும். கூட வேலை பார்த்த தம்பி அலுவலகத்தை 10.20.4.0/26 என்று முதலில் வைத்துவிட்டு, கணினித் துறைக்கு 10.20.4.64/23 என்று எழுதியிருந்தார். 512 முகவரி கொண்ட சப்நெட் 512-இன் மடங்கில்தான் தொடங்க முடியும். அவர் எழுதியதை ரூட்டர் 4.0 முதல் 5.255 வரை என்றே எடுத்துக்கொள்ளும். அலுவலகம் அதற்குள் மாட்டிக்கொள்ளும். பல ரூட்டர்கள் overlaps with என்று சொல்லி அப்போதே மறுத்துவிடும். பெரியதை முதலில் வைத்தால் இந்தச் சிக்கலே வராது:

```
கணினி        10.20.4.0/23     4.0   - 5.255
மின்னணுவியல்   10.20.6.0/25     6.0   - 6.127
இயந்திரவியல்   10.20.6.128/26   6.128 - 6.191
அலுவலகம்      10.20.6.192/26   6.192 - 6.255
மீதி          10.20.7.0/24
```

மீதியை உடைக்காமல் முழுசாக வைத்திருங்கள். நாளைக்கு சிசிடிவி வந்தால் அங்கே தனி சப்நெட் போடலாம்.

இனி மாஸ்க். எந்த முகவரி தன் சப்நெட்டுக்குள், எது வெளியே என்று ஒரு கருவி இதை வைத்துத்தான் முடிவு செய்யும். அலுவலகப் பிரிண்டர் 10.20.6.200. அதில் யாரோ பழக்கத்தில் 255.255.255.192-க்குப் பதில் 255.255.255.0 என்று அடித்துவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து அச்சு வந்தது, கணினித் துறையிலிருந்தும் வந்தது. மின்னணுவியலிலிருந்தும் இயந்திரவியலிலிருந்தும் மட்டும் வரவில்லை. கேபிள், டிரைவர் என்று ஒரு நாள் போய்விட்டது.

நடந்தது இதுதான். உதாரணத்துக்கு, மின்னணுவியல் கணினி 10.20.6.40 அனுப்பியது கேட்வே வழியாகப் பிரிண்டரைச் சேர்ந்துவிட்டது. பதில் அனுப்பும்போது பிரிண்டர் தன் மாஸ்க்கைப் பார்த்து, 6.40 பக்கத்திலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டது. அதனால் கேட்வேயிடம் கொடுக்காமல் தன் சப்நெட்டுக்குள்ளேயே தேடியது. 4.x வேறு இடம் என்று அதற்குத் தெரிந்ததால் கணினித் துறைக்கு மட்டும் பதில் ஒழுங்காகப் போனது.

தூரத்துத் துறைக்கு வேலை செய்து, அடுத்த எண்ணில் இருக்கும் துறைக்குச் செய்யாவிட்டால், முதலில் மாஸ்க்கைப் பாருங்கள். ப்ராக்ஸி ஏஆர்பி இயங்கும் ரூட்டராக இருந்தால் பிரிண்டரின் தேடலுக்கு ரூட்டரே பதில் சொல்லிவிடும். தவறு வெளியே தெரியாது. ப்ராக்ஸி ஏஆர்பியை அணைத்த அன்றுதான் கிளம்பும்.